மிகப்பெரிய நிறுவனம் எது? ஒரு வினாவுக்கு நான்கு விடைகள்

2023ஆம் ஆண்டு ஜூலையில் எங்கள் பள்ளியின் வணிகவியல் மன்றம் நடத்திய வினாடி வினாவில் நான்தான் வினாக்களைத் தயாரித்தேன். கடைசிச் சுற்றில் எல்லா அணிகளும் எழுதிக் காட்ட வேண்டிய ஒரு வினா: “உலகின் மிகப்பெரிய நிறுவனம் எது?” ஐந்து மதிப்பெண். நான்கு அணிகளும் அட்டையைத் தூக்கின. ஒன்றில் வால்மார்ட், ஒன்றில் ஆப்பிள், ஒன்றில் சவுதி அராம்கோ. நான்காவது அட்டையில் “ஐ.சி.பி.சி. வங்கி, சீனா” என்று இருந்தது. என் கையில் இருந்த விடைத்தாளில் வால்மார்ட். அந்த அணிக்கு மட்டும் ஐந்து மதிப்பெண் கொடுத்தேன். அந்த ஐந்தில்தான் அவர்கள் முதலிடம் பெற்றார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வங்கியின் பெயரை எழுதிய பதினொன்றாம் வகுப்பு மாணவி என்னிடம் வந்தாள். “சார், நான் படிச்ச புத்தகத்துல அந்த வங்கிதான் உலகத்துலயே பெருசுன்னு இருந்துச்சு. புத்தகம் தப்பா சார்?” என்றாள். “அது வங்கிகளில் பெரியது. நாம் கேட்டது நிறுவனங்களில்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வங்கியும் ஒரு நிறுவனம்தானே? அன்று இரவு நான்கு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு அணிகளும் சரியான விடையைத்தான் எழுதியிருந்தன. பிழை வினாவில் இருந்தது.

2022ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்துப் பார்ப்போம். அந்த ஆண்டு பாடம் நடத்துவதற்கென்றே அமைந்தது போன்ற ஆண்டு. வருவாயில் முதலிடம் வால்மார்ட்; நிகர இலாபத்தில் சவுதி அராம்கோ; சொத்துகளில் ஐ.சி.பி.சி.; ஆண்டு இறுதியின் சந்தை மதிப்பில் ஆப்பிள். நான்கு அளவுகோல்களுக்கும் நான்கு வெவ்வேறு பெயர்கள்.

எண்களுக்குள் போகுமுன் ஒரு சிறு எச்சரிக்கை. இவை எல்லாம் பில்லியன், டிரில்லியன் என்றே அச்சாகின்றன. ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. இதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்காமல் பாடத்தைத் தொடங்கினால் மாணவர்கள் பாதி வழியில் சுழியங்களில் தொலைந்துவிடுகிறார்கள். இங்கே எல்லாவற்றையும் கோடி டாலரில் தருகிறேன்.

முதலில் வால்மார்ட். 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் சுமார் 61,100 கோடி டாலர். வருவாய் என்பது ஓராண்டில் கல்லாவுக்கு வந்த பணம். அதில் கடைக்காரர் சரக்குக்குக் கொடுத்த விலையும் சேர்ந்தே இருக்கிறது. வால்மார்ட் கல்லாவில் விழும் ஒவ்வொரு 100 டாலரிலும் ஏறத்தாழ 76 டாலர் சரக்கு வாங்கிய செலவு. ஏறத்தாழ 21 டாலர் ஊழியர் சம்பளம், வாடகை, மின்சாரம் போன்ற நடத்தும் செலவு. மீதியில் வட்டி, வரி எல்லாம் போக அந்த ஆண்டு கடைசியில் நின்றது 2 டாலருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே 61,100 கோடி டாலர் வருவாய்க்குக் கிடைத்த நிகர இலாபம் சுமார் 1,170 கோடி டாலர்தான். பொருளை வாங்கி விற்கும் எந்த வணிகத்திலும் வருவாய் எண் ஊதிப் பெரிதாகவே தெரியும். அடுத்தவர் செய்த பொருளின் மதிப்பு முழுவதும் அந்த எண்ணின் வழியாகக் கடந்து போவதே காரணம்.

நம் நாட்டுக் கணக்கில் இதைக் காட்ட இந்தியன் ஆயில் நிறுவனத்தையும் டி.சி.எஸ். நிறுவனத்தையும் அருகருகே வைக்கலாம். 2022-23ஆம் ஆண்டில் இந்தியன் ஆயிலின் வருவாய் 9.3 லட்சம் கோடி ரூபாய். நிகர இலாபம் சுமார் 8,240 கோடி. டி.சி.எஸ். வருவாய் 2.25 லட்சம் கோடி. இலாபம் 42,000 கோடிக்கு மேல். வருவாயில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத நிறுவனம் இலாபத்தில் ஐந்து மடங்கு. இந்தியன் ஆயிலின் வருவாயில் கச்சா எண்ணெய் வாங்கிய விலை மட்டுமல்ல, அரசுக்குப் போகும் கலால் வரியும் சேர்ந்திருக்கிறது. அந்த வரியை மறுபுறம் செலவாகக் காட்டுகிறார்கள். கலால் வரியை நீக்கி வருவாயைக் காட்டும் பட்டியலில் அதே நிறுவனம் சற்றுச் சிறியதாகிவிடும். ஒரு லிட்டர் எண்ணெய்கூடக் குறைந்திருக்காது.

இனி இலாபம். 2022இல் சவுதி அராம்கோவின் நிகர இலாபம் 16,100 கோடி டாலர். இதற்கு இரண்டு காரணங்கள். பாலைவனத்தின் அடியிலிருந்து ஒரு பீப்பாய் எண்ணெயை வெளியே எடுக்க அந்த நிறுவனத்துக்கு ஆகும் செலவு சுமார் 3 டாலர். அந்த ஆண்டு உக்ரைன் போரையொட்டிக் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்குச் சராசரியாக 100 டாலர் அளவில் இருந்தது. பெரும்பங்கு வரியாக அரசுக்குப் போன பிறகும் இவ்வளவு நின்றது.

ஆனால் இந்த இலாபத்தை ஓராண்டோடு நிறுத்திப் பார்க்கக் கூடாது. 2020இல் கொரோனா காலத்தில் எண்ணெய் விலை வீழ்ந்தபோது அராம்கோவின் இலாபம் 4,900 கோடி டாலர். 2021இல் 11,000 கோடி, 2022இல் 16,100 கோடி, 2023இல் 12,100 கோடி. நிறுவனம் அதே நிறுவனம். கிணறுகளும் அதே கிணறுகள். 2020இல் இதே வினாவை இலாபத்தை வைத்துக் கேட்டிருந்தால் ஆப்பிள் 5,700 கோடியுடன் அராம்கோவுக்கு மேலே இருந்திருக்கும்.

இலாபத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனம் 2022இல் சுமார் 2,280 கோடி டாலர் நட்டம் காட்டியது. அதன் காப்பீடு, இரயில், மின்சாரத் தொழில்கள் நன்றாகவே நடந்தன. ஆனால் அது கையில் வைத்திருக்கும் பிற நிறுவனப் பங்குகளின் விலை இறங்கியிருந்தது. விற்காத பங்கின் விலை இறக்கத்தையும் அந்த ஆண்டின் நட்டமாகக் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டுக் கணக்கியல் விதி. பங்குச் சந்தை ஏறிய அடுத்த ஆண்டில் அதே நிறுவனம் பெரும் இலாபம் காட்டியது. எந்தக் கடையில் என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாவது அளவுகோலில்தான் நான் அந்த மாணவியிடம் தவறினேன். ஐ.சி.பி.சி. எனப்படும் சீனத் தொழில் வணிக வங்கியின் மொத்தச் சொத்து 2022 இறுதியில் 39.6 லட்சம் கோடி யுவான். டாலரில் சுமார் 5.7 லட்சம் கோடி. வால்மார்ட்டின் மொத்தச் சொத்து 24,000 கோடி டாலர் அளவுதான். கடைகள், கிடங்குகள், லாரிகள், அடுக்கிய சரக்கு எல்லாம் சேர்த்தே அவ்வளவு. இருபது மடங்குக்கும் மேலான வேறுபாடு எப்படி வருகிறது?

இதை வகுப்பில் நூறு ரூபாயை வைத்து நடத்திக் காட்டலாம். ஒரு மாணவரை வங்கியாக உட்கார வைத்து, இன்னொருவரை 100 ரூபாய் வைப்புச் செலுத்தச் சொல்லுங்கள். பணம் கைமாறிய அந்த நொடியில் வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் இருபுறமும் 100 ஏறுகிறது. சொத்துப் பக்கம் ரொக்கம் 100. பொறுப்புப் பக்கம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டியது 100. பிறகு வங்கி அதில் 90 ரூபாயைக் கடனாகக் கொடுத்தால் சொத்துப் பக்கம் ரொக்கம் 10, கடன் 90 என்று மாறும். கூட்டுத்தொகை அதே 100. நமக்குக் கடன் என்பது பொறுப்பு. வங்கிக்கு, தான் கொடுத்த கடன் சொத்து. அடுத்தவர் பணம் உள்ளே வர வரச் சொத்து எண் ஏறிக்கொண்டே போகும். ஐ.சி.பி.சி. சொத்தில் ஒவ்வொரு 100 யுவானுக்கும் பங்குதாரர்களின் சொந்தப் பணம் ஏறத்தாழ 9 யுவான்தான். மற்றதெல்லாம் வைப்பாளர்களுக்கும் பிறருக்கும் திருப்பித் தர வேண்டியது.

அதனால் பெரும்பாலான நாடுகளில் சொத்து வரிசையில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களுமே மேலே நிற்கும். நம் நாட்டில் பாரத ஸ்டேட் வங்கியின் சொத்து 2023 மார்ச்சில் 55 லட்சம் கோடி ரூபாய். அதே ஆண்டு வருவாய், இலாபம், சந்தை மதிப்பு மூன்றிலும் முதலில் நின்ற ரிலையன்ஸ், சொத்து வரிசையில் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. வங்கியை வங்கியோடு ஒப்பிடச் சொத்து நல்ல அளவுகோல். வங்கியைத் துணிக்கடையோடு ஒப்பிட அது உதவாது. நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். நானோ விடையைத் தவறென்று சொல்லிவிட்டேன்.

நான்காவது, சந்தை மதிப்பு. கணக்கிடும் முறை எளிது: பங்குகளின் எண்ணிக்கையை ஒரு பங்கின் விலையால் பெருக்க வேண்டும். 2022இன் கடைசி வணிக நாளில் ஆப்பிளின் பங்கு ஒன்று சுமார் 130 டாலர். பங்குகள் சுமார் 1,590 கோடி. பெருக்கினால் 2.07 லட்சம் கோடி டாலர் வருகிறது. இதில் வருவாயும் இல்லை, கட்டடமும் இல்லை. இனி வரப்போகும் ஆண்டுகளில் இந்த நிறுவனம் எவ்வளவு ஈட்டும் என்று வாங்குபவர்களும் விற்பவர்களும் அன்றைக்கு எண்ணியதன் விலை இது.

இந்த 2.07 லட்சம் கோடிக்கு எதிரே ஆப்பிளின் சொந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வியப்பாக இருக்கும். 2022 செப்டம்பர் இருப்புநிலைக் குறிப்பில் அதன் மொத்தச் சொத்து சுமார் 35,300 கோடி டாலர். பொறுப்புகளைக் கழித்தால் பங்குதாரர்களின் நிதி சுமார் 5,070 கோடி. சந்தை கொடுக்கும் விலை அதைப் போல நாற்பது மடங்கு. இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடத்திலேயே இருக்கிறது. நற்பெயர் பாடத்தில், விலை கொடுத்து வாங்கிய நற்பெயரையும் தானே உருவாக்கிக்கொண்ட நற்பெயரையும் பிரித்துச் சொல்கிறோம் அல்லவா? தானே வளர்த்த நற்பெயரை ஏடுகளில் பதிய விதிகள் இடம் தருவதில்லை. ஐபோன் என்ற பெயரும் அதன்மேல் வாடிக்கையாளருக்கு உள்ள பிடிப்பும் இருப்புநிலைக் குறிப்பில் இல்லை. பங்கு விலையில் இருக்கின்றன. ஆப்பிள் தன் பங்குகளைத் தானே பெருமளவில் திரும்ப வாங்கியதாலும் அந்த 5,070 கோடி சுருங்கியது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளி முழுவதும் பெயரின் மதிப்பே என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள்.

சந்தை மதிப்பு ஒரு நாளின் மதிப்பு என்பதால் முதலிடமும் நாளுக்கு நாள் மாறலாம். 2022 மே மாதத்தில் தொழில்நுட்பப் பங்குகள் இறங்கி எண்ணெய் விலை ஏறியபோது அராம்கோ ஆப்பிளைத் தாண்டியது. பின்னர் ஆப்பிள் மீண்டும் மேலே வந்தது. அராம்கோவின் எண்ணை எடுத்துக்கொள்ளும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அது பொதுமக்களுக்கு விற்றது தன் பங்குகளில் 1.5 விழுக்காட்டை மட்டுமே. ஏறக்குறைய மற்ற அனைத்தும் சவுதி அரசிடம். அந்தச் சிறு பகுதி கைமாறும் விலையால் முழுப் பங்குகளையும் பெருக்கித்தான் மதிப்பைச் சொல்கிறார்கள். ஊரின் கோடியில் இரண்டு சென்ட் விற்ற விலையை வைத்து ஊர் நிலம் முழுவதற்கும் விலை போடுவது போன்றது. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு நிலமும் ஒரே நாளில் விற்பனைக்கு வந்தால் அந்த விலை நிற்காது.

உயர்தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இத்தனை பெயர்களையும் எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நான் எட்டாம் வகுப்பில் ஒரு கடைத்தெருவை வரைந்து இதை நடத்திப் பார்த்தேன். எண்கள் என் கற்பனை. மளிகைக் கடையில் ஆண்டு விற்பனை ஒரு கோடி ரூபாய், இலாபம் 2 லட்சம். சொந்த ஆழ்துளைக் கிணறு வைத்துத் தண்ணீர் லாரி ஓட்டுபவருக்கு விற்பனை 20 லட்சம், ஆனால் இலாபம் 12 லட்சம். அடகுக் கடைக்காரர் கொடுத்திருக்கும் கடன் 3 கோடி. அதில் சொந்தப் பணம் 30 லட்சம், மற்றது வெளியே வாங்கியது. பிரியாணிக் கடையில் இருப்பதெல்லாம் 5 லட்ச ரூபாய் பாத்திரமும் மேசையும். இலாபம் 10 லட்சம். அந்தக் கடையைப் பெயரோடு ஒரு கோடிக்கு வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக நிற்கிறார். தெருவில் பெரிய கடை எது என்று கேட்டேன். வகுப்பு நான்காகப் பிரிந்தது.

அப்போது ஒரு பையன், “தண்ணி லாரிக்காரருக்குத்தானே இலாபம் ஜாஸ்தி, அவரோட தொழிலுக்கு ஏன் சார் ஒரு கோடி தர மாட்டாங்க?” என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவனே பதில் சொன்னான்: “மழை பெஞ்சா யாருடா தண்ணி வாங்குவா?” அராம்கோ ஆப்பிளைவிட அதிக இலாபம் ஈட்டிய ஆண்டின் முடிவில் சந்தை ஏன் ஆப்பிளுக்கு அதிக விலை கொடுத்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

மேல்நிலை வகுப்புகளில் அடிக்கடி காணும் ஒரு பிழையையும் இங்கே குறிப்பிட வேண்டும். “ஆப்பிளின் மதிப்பு இத்தனை நாடுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிட அதிகம்” என்று கட்டுரைகளில் எழுதுகிறார்கள், செய்திகளிலிருந்து எடுப்பதுதான். உள்நாட்டு உற்பத்தி ஓராண்டு முழுவதும் உருவான மதிப்பு. சந்தை மதிப்போ ஒரு நாளில் எடுத்த அளவு. ஆற்றில் ஆண்டு முழுவதும் ஓடிய நீரையும் ஏரியில் இன்று நிற்கும் நீரையும் ஒப்பிடுவது போல ஆகிவிடுகிறது. வருவாயை ஒப்பிட்டாலும் சரியாகாது. வால்மார்ட் 76 டாலருக்கு வாங்கி 100 டாலருக்கு விற்ற பொருளில், உள்நாட்டு உற்பத்திக் கணக்கு வால்மார்ட்டின் பெயரில் எடுத்துக்கொள்வது இடையில் உள்ள 24 டாலரிலிருந்து. அதிலும் மின்சாரம் போலப் பிறரிடம் வாங்கியவற்றைக் கழித்துவிடும். நான்கு அளவுகோல்களில் வருவாயும் இலாபமும் ஓராண்டுக்கு உரியவை. சொத்தும் சந்தை மதிப்பும் ஒரு நாளுக்கு உரியவை. இதை மட்டும் மாணவர் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓராண்டு என்பதும் எல்லாருக்கும் ஒன்றல்ல. வால்மார்ட்டின் கணக்கு ஜனவரி 31இல் முடிகிறது, ஆப்பிளுடையது செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை, அராம்கோவும் ஐ.சி.பி.சி.யும் டிசம்பர் 31, நம் நிறுவனங்கள் மார்ச் 31. ஒரே ஆண்டின் பெயரில் வரும் இரண்டு எண்கள் வெவ்வேறு மாதங்களைச் சுமந்திருக்கலாம்.

நான்கையும் சேர்த்து ஒரே வரிசை போட முடியாதா என்று உடன் பணிபுரியும் கணித ஆசிரியர் கேட்டார். ஃபோர்ப்ஸ் இதழ் அதைத்தான் செய்கிறது. நான்கு அளவுகோல்களுக்கும் சம எடை கொடுத்து 2,000 நிறுவனங்களை வரிசைப்படுத்துகிறது. 2023 வரிசையில் முதலிடம் அமெரிக்காவின் ஜே.பி.மார்கன் சேஸ் வங்கிக்கு. நான்கில் எதிலும் அது முதலாவது அல்ல. நம் கடைத்தெருவில் ஐந்தாவதாக ஒரு கடை முளைத்தது போலாயிற்று. ஃபார்ச்சூன் இதழின் 500 நிறுவனப் பட்டியல் வருவாயை மட்டுமே பார்க்கும். 2023இல் அதில் வால்மார்ட்தான் முதலாவதாக இருந்தது. பொது அறிவு நூல்கள் இவற்றில் ஒன்றிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, எந்தப் பட்டியல், எந்த ஆண்டு என்பதை விட்டுவிடுகின்றன. நான் நம்பிய விடைத்தாளும் அப்படி வந்ததுதான்.

மறுவாரம் மன்றக் கூட்டத்தில் நான்கு ஆண்டறிக்கை எண்களையும் பலகையில் எழுதி, மற்ற மூன்று அணிகளுக்கும் ஐந்து மதிப்பெண் சேர்த்தேன். முதலிடம் மாறியது. ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவர்களிடமிருந்து அதைத் திரும்பக் கேட்க மனம் வரவில்லை. இன்னொரு சான்றிதழ் அச்சிடக் கொடுத்தேன். அந்த மாணவி பலகையில் இருந்ததைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, “அப்போ ஊழியர் எண்ணிக்கைய வெச்சுப் பாத்தா யாரு சார் முதல்ல?” என்று கேட்டாள். இருபது லட்சத்துக்கும் மேலானவர்களோடு அதுவும் வால்மார்ட்தான் என்றேன். “தனியார் நிறுவனங்கள்லயா, அரசு நிறுவனங்களையும் சேத்தா?” என்றாள்.